கூரை முடிவாகும் முன்பே எழுந்த தூண்கள்

சிட்னி துறைமுகத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் பென்னலாங் முனையில், 1959 மார்ச் மாதம் கட்டட வேலை தொடங்கியது. கட்டப்போவது இசைக்கும் நாடகத்துக்குமான ஓர் அரங்கம். டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957-இல் சர்வதேசப் போட்டியொன்றில் வென்ற வடிவம் அது. அடியில் அகன்ற கான்கிரீட் பீடம். அதன்மேல் காற்று நிரம்பிய பாய்மரங்களைப்போல வளைந்த கூரைகள்.

பீடத்துக்கு மண் தோண்டத் தொடங்கிய அந்த நாளில், கூரை எப்படி நிற்கப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்த வளைவை எந்தக் கணக்குக்குள் கொண்டுவருவது, எத்தனை டன் கனக்கும், எந்த முறையில் கட்டுவது என்ற எந்தக் கேள்விக்கும் விடை வந்திருக்கவில்லை. ஆனால் கூரையைத் தாங்கவேண்டிய தூண்கள் பீடத்தோடு சேர்ந்து எழும்பிவிட்டன. பிறகு கூரையின் கனம் தெரிந்தபோது தூண்களின் வலு போதவில்லை. அவற்றை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

1963 ஜனவரியில் முடியும் என்றார்கள். 1973 அக்டோபரில்தான் திறப்பு விழா நடந்தது. இன்றைய ஆஸ்திரேலிய நாணயத்தில் சொன்னால் 70 லட்சம் டாலரில் முடியும் என்று போட்ட கணக்கு, 10 கோடியே 20 லட்சம் டாலரில் வந்து நின்றது. கலைஞருக்கும் அரசுக்கும் நடந்த சண்டையாகவே இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் திட்ட மேலாண்மையில் பழகியவர்கள் இதில் வேறொன்றைப் பார்க்கிறார்கள். ஒரு பணியின் ஐந்து வேலைகள் எப்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், எப்போது ஏறக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஐந்து தொகுதிகள், ஐந்து படிகள் அல்ல

அமெரிக்காவில் 1969-இல் தொடங்கப்பட்ட பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு, எந்தத் திட்டப்பணியிலும் நடக்கும் நிர்வாக வேலைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. இந்தப் பணி எதற்கு, யாருக்கு, யார் பொறுப்பு என்று முடிவுசெய்து அனுமதி தருவது தொடக்கம். என்ன செய்யப்போகிறோம், எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில், எவ்வளவு செலவில் என்று வகுப்பது திட்டமிடல். அதைச் செய்வது செயலாக்கம். போட்ட கணக்கையும் நடக்கிற வேலையையும் ஒப்பிட்டு, விலகல் இருந்தால் திருத்துவது கண்காணிப்பும் கட்டுப்பாடும். செய்ததை ஒப்படைத்து, ஒப்பந்தக் கணக்கைத் தீர்த்து, கோப்பை மூடுவது முடித்துவைத்தல்.

அந்த அமைப்பின் கையேட்டில், 2017-இல் வந்த ஆறாம் பதிப்பு, மொத்தம் 49 வேலைமுறைகளை இந்த ஐந்துக்குள் பங்கிட்டது. திட்டமிடலுக்கு மட்டும் 24. முடித்துவைத்தலுக்கு ஒன்றே ஒன்று.

இந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் உடனே படிக்கட்டைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். முதல் படியை முடித்துவிட்டு இரண்டாவதில் கால் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கையேடோ இவை பணியின் கட்டங்கள் அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பீடம், கூரை, உள் அரங்கம் என்று பிரிப்பது கட்டம். ஐந்து தொகுதிகளும் அந்த ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நடக்கின்றன. பீடத்துக்கு ஒரு தொடக்கம், ஒரு திட்டமிடல், ஒரு முடித்துவைத்தல் உண்டு. கூரைக்குத் தனியாக இன்னொன்று உண்டு. கண்காணிப்பு மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைக் காகிதத்தில் வரைந்தால் ஐந்து குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும். திட்டமிடல் என்ற குன்று உச்சியிலிருந்து இறங்கும்போது செயலாக்கம் ஏற ஆரம்பிக்கும். ஆனால் திட்டமிடல் முற்றாக மறைவதில்லை. வேலை நடக்க நடக்கத் தெரியவரும் விஷயங்கள் திட்டத்துக்குள் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

1961: ஒரே ஆண்டில் நான்கு தொகுதிகள்

சிட்னியில் இது எப்படி இருந்தது என்று பார்க்க, 1961-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

கீழே பீடத்தின் கான்கிரீட் வேலை நடந்துகொண்டிருந்தது. இது செயலாக்கம். அந்த ஆண்டு ஜனவரியில் எடுத்த கணக்கில், வேலை 47 வாரம் பின்தங்கியிருப்பது தெரிந்தது. இது கண்காணிப்பு. மழை, மழைநீர்க் கால்வாயைத் திருப்புவதில் வந்த எதிர்பாராத சிக்கல் என்று காரணங்கள் பல. முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கட்டுமான வரைபடங்கள் முழுமையாகத் தயாராகும் முன்பே ஒப்பந்ததாரர் வேலையில் இறங்க நேர்ந்திருந்தது. வரைபடம் மாறினால் கம்பி மாறும், கம்பி மாறினால் கான்கிரீட் காத்திருக்கும். காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் காசு உண்டு.

அதே ஆண்டில், உட்சனும் ஓவ் அரப் நிறுவனப் பொறியாளர்களும் கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இது திட்டமிடல். போட்டிக்கு வரைந்த கூரை வளைவுகள் கண்ணுக்கு அழகு, கணக்குக்குப் பிடிபடாதவை. ஒவ்வொரு வளைவும் வேறு வேறு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி சாரம், தனிக் கணக்கு. பரவளையம், நீள்வட்டம் என்று ஏறத்தாழ ஒரு டஜன் வடிவங்களை முயன்று பார்த்தார்கள். கடைசியில் கிடைத்த விடை எளிமையானது. எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக வைத்துக்கொள்ளலாம். கோளத்தில் எங்கே தொட்டாலும் வளைவு ஒன்றுதான். ஆகவே சில அச்சுகளை வைத்தே விலா எலும்புபோன்ற கான்கிரீட் துண்டுகளைத் தரையில் வார்த்து, மேலே தூக்கிக் கோத்துவிடலாம். அந்தக் கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். இப்படி வார்த்த துண்டுகள் மொத்தம் 2,194.

நான்காவது தொகுதி, கவனிக்கப்படாத தொகுதி, தொடக்கம். அரங்கத்தின் உள்ளே என்ன நடக்கப்போகிறது என்ற மிக முதல் கேள்வி 1961-இலும் முழுதாகத் தீரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆக, ஒரே ஆண்டில் நான்கு தொகுதிகள். அதில் மட்டும் தவறில்லை. பீடம் எழும்போது கூரையை வகுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல வழி. கட்டுமானத் துறையில் இதை வேண்டுமென்றே செய்வார்கள். ஃபாஸ்ட் டிராக் என்பது இதற்குப் புழக்கத்தில் உள்ள பெயர். கோளம் என்ற விடை கிடைத்ததும், பீடம் முடிந்த கையோடு 1963-இல் கூரை வேலை தொடங்கியதும் இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம்.

கெட்ட பக்கம், தூண்கள்.

எது ஏறலாம், எது ஏறக்கூடாது

கூரையின் திட்டமிடலும் பீடத்தின் செயலாக்கமும் சேர்ந்து நடந்தன. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. கூரையின் சுமை தூண் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். அந்தச் சுமை எவ்வளவு என்ற ஒரே ஓர் எண்ணை மட்டும் உறுதிசெய்துகொண்டு, கூரை அந்த எண்ணைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தால், மற்றதெல்லாம் நிதானமாக முடிவாகியிருக்கலாம். மெல்லிய ஓட்டுக்கூரை என்ற எண்ணத்தோடு தூணைக் கட்டினார்கள். கடைசியில் வந்ததோ கனமான விலாக்கூரை.

நம் ஊரில் மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டி விட்டு வைப்பார்கள். நாளை மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் செய்வது. அதுவும் திட்டமிடல் பாக்கியிருக்கும்போதே செயலாக்கத்தில் இறங்குவதுதான். அஸ்திவாரம் போட்ட நாளிலேயே மேல்மாடியின் சுமையையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் அந்தக் கம்பிக்கு அர்த்தம் உண்டு. மாடியில் எத்தனை அறை, ஜன்னல் எங்கே என்பதைப் பத்து ஆண்டு கழித்து முடிவுசெய்யலாம். சுமையைக் கணக்கிடவே இல்லையென்றால், கம்பி துருப்பிடிக்க மட்டுமே லாயக்கு.

தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில் உள்ள விதியும் இதுதான். திரும்ப எடுக்க முடியாத ஒரு வேலையைச் செய்யும் முன், அந்த வேலை எந்தெந்த முடிவுகளை நம்பியிருக்கிறதோ அந்த முடிவுகளையாவது மூடிவிட வேண்டும். மற்றவை திறந்தே கிடக்கலாம்.

இதைச் சரியாகச் செய்ததற்கு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் சாட்சி. 1930 வசந்தத்தில் எஃகுச் சட்டம் எழத் தொடங்கி, 1931 மே 1-ஆம் தேதி கட்டடம் திறக்கப்பட்டது. 102 மாடிக்கு ஓராண்டும் சில வாரங்களும். எல்லா வரைபடங்களும் முடிந்த பிறகு தொடங்கியிருந்தால் இது நடந்திருக்காது. கட்டடத்தை மாடி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். எஃகு பற்றிய விவரம் எந்தத் தேதிக்குள் வேண்டும், வரைபடம் எந்தத் தேதி, ஆலைக்கு ஆர்டர் எந்தத் தேதி, வந்து சேர்வது எப்போது, தூக்கி நிறுத்துவது எப்போது என்று வரிசையாக இருக்கும். மேல் அடுக்குகள் இன்னும் மேசையில் இருக்கும்போது கீழ் அடுக்குகள் எழுந்துகொண்டிருந்தன. அங்கும் திட்டமிடலும் செயலாக்கமும் ஒன்றாகவே ஓடின. ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது. சிட்னியின் தூண்களுக்கு அப்படி ஒரு தேதி இல்லை.

ஏன் இல்லை? நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பிரதமர் ஜோசஃப் கேஹில் அவசரப்பட்டார். பணமோ பொதுமக்கள் ஆதரவோ நழுவிவிட்டால் திட்டமே கைவிடப்படும் என்று அவர் பயந்தார். வேலை தொடங்கிவிட்டால் யாரும் நிறுத்த முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார், வேலை நிற்கவில்லை. ஆனால் அரசியலுக்காக வைத்த தொடக்கத் தேதி, பொறியியலுக்கான தேதியாகவும் ஆகிப்போனது.

மூடாமல் விட்ட முதல் கேள்வி

இனி அந்த நான்காவது தொகுதி. போட்டி அறிவிப்பில் கேட்டது இரண்டு அரங்குகள். பெரியதில் சிம்பனி இசையும் நடக்க வேண்டும், ஓபராவும் நடக்க வேண்டும். சிறியது நாடகத்துக்கும் சிறு கச்சேரிகளுக்கும்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் சிம்பனிக்கும் ஓபராவுக்கும் வேண்டிய அறைகள் வேறு. பெரிய வாத்தியக் குழுவின் ஒலி, நின்றபிறகும் சுமார் இரண்டு விநாடி அறையில் உலவ வேண்டும். அதற்கு மேலே நிறையக் காற்றுவெளி வேண்டும். ஓபராவில் பாடுபவரின் சொல் புரிய வேண்டும், ஆகவே ஒலி சீக்கிரம் அடங்க வேண்டும். கூடவே மேடைக்கு மேல் காட்சித் திரைகளை ஏற்றி இறக்கும் உயரமான கோபுரம், கீழே இயந்திரங்கள், முன்னால் வாத்தியக்காரர்களுக்குக் குழி. ஒரே அறையில் இரண்டும் என்றால், இரண்டில் எது முதன்மை என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். அதைத் தீர்மானிப்பது கட்டடக் கலைஞரின் வேலை அல்ல, பணம் போடுபவரின் வேலை. தொடக்கத் தொகுதியில் முடியவேண்டிய வேலை.

அது முடியாமலே பீடம் கட்டப்பட்டது, கூரை எழுந்தது. 1965-இல் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸுக்கும் உட்சனுக்கும் கட்டணம், வரைபடங்கள், செலவு என்று எல்லாவற்றிலும் மோதல். 1966 பிப்ரவரியில் உட்சன் விலகினார். பிறகு பீட்டர் ஹால் தலைமையிலான குழு உள் அரங்க வேலையை ஏற்றது.

அவர்கள் வந்ததும் பழைய கேள்வி மறுபடி மேசைக்கு வந்தது. பெரிய அரங்கத்தைப் பயன்படுத்தப்போகிற ஒலிபரப்பு நிறுவனம் சிம்பனி இசைக்கே முன்னுரிமை கேட்டது. முடிவு: பெரிய அரங்கம் முழுக்கக் கச்சேரிக்கு, ஓபரா சிறிய அரங்கத்துக்கு. பெரிய அரங்கத்தில் ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைப் பிடுங்கி எடுத்து, பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தார்கள்.

கண்காணிப்புத் தொகுதியில் இதற்கு மாற்றக் கோரிக்கை என்று பெயர். யாரோ ஒரு மாற்றம் கேட்பார்கள். அதனால் செலவு, காலம், தரம் எவ்வளவு மாறும் என்று எழுதிப் பார்த்து, அதிகாரம் உள்ளவர் ஏற்பார் அல்லது மறுப்பார். சிறு மாற்றங்களுக்கு இந்த வழி நன்றாக உதவும். ஆனால் இங்கே நடந்தது மாற்றம் மட்டும் அல்ல. பத்து ஆண்டு முன்பு முடித்திருக்கவேண்டிய தொடக்கம், செயலாக்கத்தின் நடுவில் நடந்தது. காகிதத்தில் அடித்து எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கான்கிரீட்டில் அடித்து எழுதினார்கள்.

செலவு எகிறியபோதும் திட்டம் ஏன் மூச்சுத் திணறவில்லை என்ற கேள்வி வரும். பணத்தின் பெரும்பகுதி, இதற்காகவே நடத்திய லாட்டரியிலிருந்து வந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் நியாயப்படுத்தவேண்டிய பணமாக இருந்திருந்தால், யாராவது எங்காவது நிறுத்திக் கேட்டிருப்பார்கள். கட்டுப்பாடு என்பது அளப்பதோடு முடிவதில்லை. அளந்து பார்த்துப் பிசகைக் கண்டவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரமும் இருக்க வேண்டும். 47 வாரப் பின்னடைவை அளக்க ஆள் இருந்தது. கூரை முடிவாகும்வரை தூண் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை.

நம் பணியில் எப்படித் தெரிந்துகொள்வது

தொகுதிகள் நல்ல முறையில் ஒன்றிக் கிடக்கின்றனவா, கெட்ட முறையிலா என்று வேலை நடக்கும்போதே கண்டுகொள்ள முடியும். பார்க்கவேண்டியது, வரும் மாற்றங்கள் எந்தத் தொகுதியிலிருந்து வருகின்றன என்பதை. ஒரு மென்பொருள் வேலையையோ, கல்யாண மண்டபம் கட்டுவதையோ எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கதவை இந்தப் பக்கம் வைக்கலாமா' என்ற வகை மாற்றங்கள் திட்டமிடலுக்குத் திரும்பிப் போகின்றன, அது இயல்பு. 'இதை யார் பயன்படுத்தப்போகிறார்கள்' என்று பாதி வேலையில் ஒருவர் கேட்டால், அது தொடக்கத்துக்குத் திரும்பிப் போகும் கேள்வி. அந்த வகைக் கேள்வி ஒன்று வந்தாலும், அதைத் தொட்டு நிற்கும் வேலைகளை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றவற்றைத் தொடரலாம். முழுவதையும் நிறுத்தத் தேவையில்லை. முழுவதையும் தொடர்வதும் ஆபத்து.

முடித்துவைத்தலிலும் இதே பார்வை உதவும். அதைக் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைப்பவர்களே அதிகம். ஒரு கட்டம் முடியும்போதே அதன் கணக்கைத் தீர்த்து, அதில் கற்றதை அடுத்த கட்டத்தின் தொடக்கத்துக்குக் கொடுப்பதுதான் முறை. ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. பீடம் 1963-இல் முடிந்தபோது, அது கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: முடிவாகாத ஒன்றின் அடியில் கட்டாதே. உள் அரங்கக் கட்டத்தின் தொடக்கத்துக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. தூணில் செய்த தவறையே மேடையில் மறுபடி செய்தார்கள்.

சிட்னி ஓபரா ஹவுஸ் 1973 அக்டோபர் 20-ஆம் தேதி எலிசபெத் ராணியால் திறந்துவைக்கப்பட்டது. 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2008-இல் மறைந்த உட்சன், கட்டி முடித்த அந்தக் கட்டடத்தை நேரில் பார்க்கவே இல்லை. கச்சேரி அரங்கில் ஒலி சரியில்லை என்று பல ஆண்டுகளாக வந்த புகார்களுக்குப் பிறகு, 2020 முதல் 2022 வரை அதை மூடி வைத்துத் திருத்தினார்கள். நாடகத்துக்காக எண்ணிய அரங்கத்தில் ஓபரா நடக்கிறது. அங்கே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழி குறுகலானது, ஒரு பகுதி மேடைக்கு அடியிலேயே போய்விடுகிறது. 1956-இல் எழுதிய அறிவிப்பில் யாரும் தீர்த்து எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக, அவர்கள் இன்றும் முழங்கை இடிக்க உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.